பழுது போனிலா, அந்தப் பக்கத்திலா?

ஒரு பாட்டையோ படத்தையோ தொட்டதும் அது ஓடத் தொடங்க ஓரிரு நொடிதான் ஆகிறது. அதற்குள் போனில் இருக்கும் செயலி பல சர்வர்களிடம் பேசி முடித்திருக்கும். கணக்கு யாருடையது என்று சரிபார்ப்பது ஒரு சர்வர். முகப்பில் எந்தெந்தப் படங்களைக் காட்ட வேண்டும் என்று சொல்வது இன்னொன்று. சந்தா நடப்பில் இருக்கிறதா என்று பார்த்து, படத்தின் பூட்டைத் திறக்கும் சாவியைத் தருவது வேறொன்று. கடைசியில் படத்தைச் சிறு சிறு துண்டுகளாக அனுப்பி வைப்பது பெரும்பாலும் பார்ப்பவருக்கு அருகிலேயே இருக்கும் ஒரு சேமிப்புப் பெட்டி. நெட்ஃபிளிக்ஸ் இத்தகைய பெட்டிகளைத் தானே வடிவமைத்து, பல நாடுகளில் இணைய நிறுவனங்களின் கட்டடங்களுக்குள்ளேயே வைத்திருக்கிறது.

இந்த வரிசையில் எது நின்றாலும் திரையில் தெரிவது ஏறக்குறைய ஒன்றுதான்: நிற்காமல் சுற்றும் வட்டம், அல்லது "Something went wrong" என்ற வரி. சர்வர் கண்ணுக்குத் தெரியாது, போன் கையில் இருக்கிறது. அதனால் கை தானாகவே போனின் செட்டிங்ஸுக்குள் போகிறது. செயலியை நீக்கி மீண்டும் ஏற்றுவது, பாஸ்வேர்டை மாற்றுவது, கடைசியில் போனையே ரீசெட் செய்வது என்று ஒவ்வொன்றாக நடக்கிறது. பழுது சேவையின் பக்கம் இருந்தால் இதில் எதுவும் உதவாது. சில நேரம் இருந்ததும் போய்விடும்.

செயலி திறந்து முகப்பு தெரிகிறது என்பதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. முகப்பில் இருக்கும் போஸ்டர்களில் பல, முந்தைய முறை பார்த்தபோதே போனில் சேமிக்கப்பட்டவை. விமானப் பயன்முறையில் போட்டுத் திறந்தாலும் அவற்றில் சில தெரியும். இதுவரை தேடாத ஒரு பெயரைத் தேடிப் பார்ப்பதுதான் நம்பத்தக்க சோதனை. புதிய முடிவுகள் வந்தால் பட்டியல் தரும் சர்வர் உயிரோடு இருக்கிறது. சாம்பல் நிறக் கட்டங்கள் மட்டும் நின்றால் அதுவரைகூடப் போய்ச் சேரவில்லை.

எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்பதை இப்படிக் குறித்துக்கொண்டே போனால், மொட்டையான செய்திக்குப் பின்னால் உள்ள உண்மை தெரிந்துவிடும். இதற்கு யூடியூபிலேயே இரண்டு உதாரணங்கள் உண்டு. 2020 நவம்பர் 12ஆம் தேதி, இந்திய நேரப்படி அதிகாலையில், யூடியூபின் பக்கங்கள் திறந்தன, தலைப்புகள் வந்தன, ஆனால் வீடியோ மட்டும் ஓடவில்லை. அந்த அறிகுறி நேராக வீடியோவை அனுப்பும் பகுதியைக் காட்டியது. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 14ஆம் தேதி திங்கட்கிழமை மாலை, யூடியூப் மறுபடியும் நின்றது. இந்த முறை அறிகுறி வேறு.

அன்று இந்திய நேரப்படி மாலை 5.16 மணிக்கு யூடியூப், ஜிமெயில், கூகுள் டிரைவ் எல்லாம் ஒரே நேரத்தில் மறுத்தன. யூடியூபின் இணையப் பக்கத்தில் ஒரு குரங்குப் படமும் "Something went wrong" என்ற வரியும் மட்டும் இருந்தன. ஆனால் அதே போனில், அதே வைஃபையில், பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் யூடியூபைத் திறந்தவர்களுக்கு வீடியோ வழக்கம்போல் ஓடியது. லாகின் செய்தால் நிற்கிறது, லாகின் இல்லாமல் ஓடுகிறது. இந்த ஒரு வேறுபாடு போதும், போனும் வைஃபையும் வீடியோ சர்வரும் சரியாகவே இருக்கின்றன, கணக்கை அடையாளம் காணும் இடம்தான் விழுந்திருக்கிறது என்று சொல்ல.

பின்னர் கூகுள் வெளியிட்ட விளக்கமும் அதையே சொன்னது. கணக்குகளை அடையாளம் காணும் சேவைக்கு எவ்வளவு சேமிப்பு வளம் ஒதுக்குவது என்பதைக் கணக்கிடும் தானியங்கி ஏற்பாட்டில், பழைய அமைப்பிலிருந்து புதியதற்கு மாறும்போது பழையதன் சில பகுதிகள் நீக்கப்படாமல் அப்படியே இருந்தன. அதனால் அந்தச் சேவையின் பயன்பாடு பூஜ்யம் என்று பதிவானது. பூஜ்யம் பயன்படுத்துகிறவருக்கு எதற்கு இவ்வளவு என்று தானியங்கி ஏற்பாடு ஒதுக்கீட்டைக் குறைத்துவிட்டது. அதன் விளைவாகக் கணக்குகளைச் சரிபார்க்க முடியாமல் போனது. 47 நிமிடங்களில், மாலை 6.03 மணிக்கு எல்லாம் திரும்பியது.

அந்த 47 நிமிடத்துக்குள் யாராவது ஆண்ட்ராய்டு போனை ஃபாக்டரி ரீசெட் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பது பயனுள்ளது. ரீசெட் முடிந்ததும் போன் கேட்பவற்றில் ஒன்று கூகுள் கணக்கு. திருட்டைத் தடுப்பதற்கான பூட்டு இயங்கும் போன்களில், முன்பு அதில் இருந்த கணக்கையோ பழைய திரைப்பூட்டையோ சரிபார்க்காமல் மேலே நகரவே முடியாது. கணக்கைச் சரிபார்க்கும் சர்வரே படுத்திருக்கும் நேரத்தில் கணக்கு வழியாக அது நடக்காது. பழுதே இல்லாத போன், வெள்ளைத் திரையோடு கையில் நின்றிருக்கலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் ஐந்து நிமிடத்தில் முடிபவை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால், எது சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடும்.

முதலில், இதுவரை திறக்காத ஓர் இணையத்தளத்தைப் பிரவுசரில் திறக்க வேண்டும். அடிக்கடி பார்க்கும் தளம் சேமிப்பிலிருந்தே வந்து ஏமாற்றலாம். புதிய தளம் திறந்தால் இணையம் இருக்கிறது. அடுத்து வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் அதே வீடியோவைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதில் ஓடினால் பழுது வீட்டு ரவுட்டரிலோ பிராட்பேண்டு இணைப்பிலோதான். ரவுட்டரின் மின்சாரத்தை அரை நிமிடம் நிறுத்திப் போட்டால் பெரும்பாலும் சரியாகும், போனைத் தொட வேண்டியதில்லை.

இங்கே நம் ஊர் ரீசார்ஜ் திட்டங்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி அல்லது 2 ஜிபி என்று தரும் திட்டங்களில், அந்த அளவு தீர்ந்ததும் இணையம் நிற்பதில்லை. வேகம் 64 கேபிபிஎஸ் அளவுக்கு இறங்கிவிடுகிறது. 720பி தரத்தில் பார்க்க 3 எம்பிபிஎஸ் வேண்டும் என்று நெட்ஃபிளிக்ஸ் சொல்கிறது. இருப்பது அதில் ஏறக்குறைய 47இல் ஒரு பங்கு. அதனால் வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி போகும், வரும், திரையின் மேல் மூலையில் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கும், வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். "நெட் இருக்கிறதே, செயலிதான் கெட்டுவிட்டது" என்ற முடிவுக்கு வருவது மிக எளிது. மாலையிலோ இரவிலோ தொடங்கி, நள்ளிரவு தாண்டியதும் தானாகச் சரியாகும் பழுது பெரும்பாலும் இதுதான். மீதமுள்ள டேட்டாவை நெட்வொர்க் நிறுவனத்தின் செயலியில் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

வைஃபை, மொபைல் டேட்டா இரண்டிலும் எல்லாத் தளங்களும் மறுத்தால் மட்டும் போன்மீது சந்தேகம் வரலாம். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியவை விபிஎன் செயலியும், ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் "Private DNS" என்ற வரியும்தான். விளம்பரங்களைத் தடுப்பதற்காக யாரோ சொல்லி அங்கே ஒரு முகவரியைப் போட்டு வைத்து மறந்திருப்பார்கள். அந்த முகவரியின் சர்வர் நின்றால் எந்த இணைப்பில் போனாலும் எந்தப் பெயரும் திறக்காது. அந்த வரியை "Automatic" என்று மாற்றினால் போதும்.

பிற தளங்கள் எல்லாம் நன்றாக இருந்து ஒரு சேவை மட்டும் மறுத்தால், அடுத்த சோதனை இன்காக்னிட்டோ ஜன்னல். அதன் பிறகு வேறொருவர். இந்த வேறொருவர் வேறு வீட்டில், வேறு நெட்வொர்க்கில், வேறு கணக்கில் இருக்க வேண்டும். ஒரே வைஃபையில் இருக்கும் அண்ணனின் போனிலும் ஓடவில்லை என்பதால் சேவை விழுந்துவிட்டது என்று ஆகாது, வைஃபையும் விழுந்திருக்கலாம். மதுரையில் இருக்கும் சித்தியின் போனிலும் ஓடவில்லை என்றால் அதற்கு எடை அதிகம்.

சித்தியைக் கேட்பதன் பெரிய வடிவம்தான் டவுன்டிடெக்டர் போன்ற தளங்கள். 2012இல் நெதர்லாந்தில் தொடங்கிய இந்தத் தளம், பிறகு வேகச் சோதனைக்குப் பெயர்பெற்ற ஊக்லா நிறுவனத்தின் கைக்கு வந்தது. அது சர்வர்களுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. முதன்மையாக மக்கள் செய்யும் புகார்களை எண்ணுகிறது. அந்த நேரத்துக்கு வழக்கமாக வரும் புகாரைவிட இப்போது எவ்வளவு அதிகம் என்பதைக் கோடாக வரைகிறது. ஆகவே பார்க்க வேண்டியது எண்ணிக்கையை விடக் கோட்டின் வடிவம். எப்போதும் சில புகார்கள் இருந்துகொண்டேதான் இருக்கும், அது தரையோடு தரையாக ஓடும் கோடு. தட்டையாக வந்த கோடு சில நிமிடங்களில் சுவர்போல் எழுந்தால் சேவை விழுந்திருக்கிறது. ஒரே ஒரு நெட்வொர்க் நிறுவனத்தின் கோடும் பல சேவைகளின் கோடுகளும் சேர்ந்து எழுந்தால், விழுந்தது நெட்வொர்க்காக இருக்கலாம். தம் நெட் போனதை அறியாத மக்கள், எந்தச் செயலி திறக்கவில்லையோ அதன்மீது புகார் எழுதுகிறார்கள். இது மறுபக்கமும் நடக்கும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் ஆறு மணி நேரம்போல நின்றபோது, ஒரு குறையும் இல்லாத தொலைபேசி நிறுவனங்கள்மீதும் புகார்கள் குவிந்தன.

சேவைகளே நடத்தும் நிலவரப் பக்கங்களும் உண்டு. நெட்ஃபிளிக்ஸின் உதவிப் பகுதியில் சேவை நடக்கிறதா என்று சொல்லும் தனிப் பக்கம் இருக்கிறது. ஸ்பாட்டிஃபை, எக்ஸ் தளத்தில் @SpotifyStatus என்ற கணக்கில் அறிவிக்கிறது. இவற்றில் பழுது என்று எழுதியிருந்தால் நம்பலாம். எல்லாம் சரி என்று எழுதியிருந்தால் அந்த அளவுக்கு நம்பத் தேவையில்லை, ஏனென்றால் மனிதர்கள் உறுதி செய்து எழுதும்வரை பழைய நிலவரமே தெரியும். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை நின்றபோது, அமேசானின் நிலவரப் பக்கமும் அதே எஸ்3ஐச் சார்ந்திருந்ததால் அதில் உள்ள குறிகளை மாற்ற முடியாமல் போனது. நூற்றுக்கணக்கான தளங்கள் விழுந்து கிடக்க, பக்கம் பச்சையாகவே இருந்தது.

செய்திகள் ஏன் இவ்வளவு மொட்டையாக இருக்கின்றன என்பதற்கு வருவோம். செயலியை எழுதுகிறவர்கள், தாங்கள் எதிர்பார்க்கும் சில தவறுகளுக்குத் தனித்தனி வாசகம் எழுதுகிறார்கள்: பாஸ்வேர்டு தவறு, சந்தா முடிந்தது, ஒரே நேரத்தில் பல கருவிகள். எதிர்பாராத மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு வாசகம். "Something went wrong" அந்தக் கடைசிப் பெட்டி. எனவே அந்த வரியே ஒரு தகவல்தான். போன் எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கலாம், ஆனால் செயலி அறிந்த எந்தக் காரணமும் பதிலாக வரவில்லை. பாஸ்வேர்டு தவறாக இருந்தால் பெரும்பாலும் அது தனியாகச் சொல்லப்பட்டிருக்கும். ஆகவே இந்த வரியைப் பார்த்துப் பாஸ்வேர்டை மாற்றுவதில் பொருள் இல்லை.

"You're offline", "No internet connection" ஆகியவை போன் பக்கத்துத் தீர்ப்புகள். செயலி ஒரு கேள்வி அனுப்பி, குறித்த நொடிகளுக்குள் பதில் வரவில்லை என்றால் சில செயலிகள் இப்படிச் சொல்லிவிடும். பதில் தராமல் இருப்பது சர்வராகவும் இருக்கலாம் என்பதை அவை பிரித்துப் பார்ப்பதில்லை. பிற தளங்கள் திறக்கும்போது இந்த வரி வந்தால் அதை நம்ப வேண்டாம். "Try again later" என்பதில் உள்ள கடைசிச் சொல் கவனிக்கத்தக்கது. நேரம் போனால் சரியாகும் என்று எழுதியவர் எதிர்பார்த்தது பெரும்பாலும் சர்வர் பக்கத்துத் தடையைத்தான்.

மூன்று இலக்க எண் தெரிந்தால் வேலை இன்னும் எளிது. இணையம் முழுவதற்கும் பொதுவான ஒழுங்கு அதில் இருக்கிறது. 5இல் தொடங்கும் எண்கள், 500, 502, 503, 504 போன்றவை, குறை சர்வர் பக்கம் என்று சர்வர் பக்கமே ஒப்புக்கொள்வது. 503 என்றால் இப்போது கவனிக்க முடியவில்லை என்று பொருள், கூட்டம் அதிகமாக இருக்கலாம் அல்லது பராமரிப்பு நடக்கலாம். 502, 504 இரண்டும் முன்வாசல் சர்வர் நிற்கிறது, அதற்குப் பின்னால் இருப்பது சரியாகப் பதில் தரவில்லை என்பவை. 4இல் தொடங்குபவை கேட்டவர் பக்கம் ஏதோ சரியில்லை என்பவை. 401 என்றால் லாகின் காலாவதி, 403 என்றால் அனுமதி இல்லை, 429 என்றால் அளவுக்கு மீறிப் பலமுறை கேட்டாயிற்று. 429 வந்த பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தால் காத்திருப்பு நீளும்.

நெட்ஃபிளிக்ஸ் தன் குறிகளில் எழுத்துகளையும் சேர்க்கிறது. `NW-2-5` என்பது, கருவியால் நெட்ஃபிளிக்ஸை எட்ட முடியவில்லை, பெரும்பாலும் இணைப்புக் கோளாறு என்பதைக் குறிக்கும். `UI-800-3` என்பது கருவியில் சேமித்திருக்கும் தகவலைப் புதுப்பிக்க வேண்டும் என்பதற்கானது. செயலியின் சேமிப்பைத் துடைப்பது உண்மையிலேயே பொருந்துவது இந்த இரண்டாவதற்குத்தான். எந்தச் சேவையானாலும் குறியை அப்படியே, கோடுகளோடு, அதன் உதவிப் பக்கத்தில் தேட வேண்டும். ஒரு எண் மாறினாலும் பொருள் மாறிவிடும்.

ஒரே செய்தி இரண்டு பக்கத்துப் பழுதையும் குறிக்கும் இடம் ஒன்று உண்டு. பிரவுசரில் "Your connection is not private" என்ற வரியும் அதன் கீழே `NET::ERR_CERT_DATE_INVALID` என்பதும் தெரிந்தால், தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழின் தேதியும் போனின் தேதியும் ஒத்துப்போகவில்லை. பேட்டரி முழுக்க இறங்கி எழுந்த பழைய போனில் தேதி பின்னோக்கிப் போயிருக்கலாம், அப்போது ஏறக்குறைய எல்லாத் தளங்களும் இப்படி மறுக்கும். ஒரே ஒரு தளம் மட்டும் மறுத்தால், தன் சான்றிதழைப் புதுப்பிக்க அந்த நிறுவனம் தவறியிருக்கிறது. 2020 ஆகஸ்ட் 19 அன்று ஸ்பாட்டிஃபைக்கு இதுவே நடந்தது. சான்றிதழ் காலாவதியாகி, புதியதைப் போடும்வரை ஏறத்தாழ ஒரு மணி நேரம் பாட்டு நின்றது.

அதே ஸ்பாட்டிஃபை 2022 மார்ச்சில் விழுந்த விதம், செய்தியை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கு நல்ல உதாரணம். மார்ச் 8, இந்திய நேரப்படி இரவு 11.42. பாட்டு நின்று, செயலி லாகின் திரைக்கு வந்தது. பாஸ்வேர்டைப் போட்டால் ஏற்கவில்லை. வெளியே தள்ளப்பட்டு, கதவும் திறக்காமல் இருக்கும் இந்தக் காட்சி, கணக்கு களவு போய்விட்டது என்ற அச்சத்தைத்தான் முதலில் தரும். உண்மையில் ஸ்பாட்டிஃபையின் உள் சேவைகளில் சில, ஒன்றையொன்று கண்டுபிடிக்க கூகுள் கிளவுடின் டிராஃபிக் டைரக்டர் என்ற ஏற்பாட்டை நம்பியிருந்தன. அது அன்று நின்றது, ஸ்பாட்டிஃபை பயன்படுத்திய ஒரு மென்பொருள் தொகுப்பில் இருந்த பிழையும் சேர்ந்துகொண்டது. பழைய முறைக்குத் திரும்பி, இரவு 2.05க்குச் சரிசெய்தார்கள்.

அந்த இரண்டு மணி 23 நிமிடத்தைக் காத்திருந்து கழித்தவர், பிறகு லாகின் செய்தால் போதும். செயலியை நீக்கி மீண்டும் ஏற்றியிருந்தால் ஆஃப்லைனில் கேட்க டவுன்லோடு செய்து வைத்த பாட்டுகள் எல்லாம் அழிந்திருக்கும், புதிதாக ஏற்றிய செயலியும் அதே லாகின் திரையில்தான் வந்து நின்றிருக்கும்.

எல்லாச் சோதனையும் முடிந்து, மற்றவர்களுக்கு ஓடுகிறது, வேறு நெட்வொர்க்கிலும் நம் போனில் மட்டும் ஓடவில்லை என்று தெரிந்தால், அப்போது போனைத் தொடலாம். குறைவாக இழப்பதில் தொடங்க வேண்டும். போனை அணைத்துப் போடுவதில் எதுவும் அழியாது. செட்டிங்ஸில் அந்தச் செயலிக்குள் போய் "Force stop" கொடுப்பதும், "Clear cache" கொடுப்பதும் அப்படித்தான், முகப்புப் போஸ்டர்கள் மட்டும் மறுபடி இறங்கும். அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் "Clear storage" வேறு விஷயம், அது லாகினையும் டவுன்லோடுகளையும் சேர்த்துத் துடைக்கும். அவசரத்தில் விரல் இதில் பட்டுவிடுவதுண்டு. செயலியை நீக்கி ஏற்றுவதும் இழப்பில் இதற்குச் சமம், பழைய பதிப்பு புதிதாக மாறும் என்ற ஒரு நன்மை மட்டும் கூடுதல். நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் செய்தால் சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும் புளூடூத் இணைப்புகளும் போகும், படங்களும் தொடர்பு எண்களும் போகாது.

ஃபாக்டரி ரீசெட் ஒரு ஸ்ட்ரீமிங் செயலிக்காகத் தேவைப்படும் நிலை மிக அரிது. அதைச் செய்தே ஆக வேண்டும் என்றால், வாட்ஸ்அப் உரையாடல்கள், புகைப்படங்கள், இரண்டடுக்குப் பாதுகாப்புக்கான குறியெண் செயலி ஆகியவற்றின் நகல் எடுத்த பிறகு, கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு நினைவிருக்கிறது என்று வேறொரு கருவியில் லாகின் செய்து உறுதிப்படுத்திய பிறகுதான் செய்ய வேண்டும்.

சேவை திரும்பிய பிறகும் ஒரு போனில் மட்டும் வட்டம் சுற்றினால், செயலி பழைய பிழை நிலையையே பிடித்துக்கொண்டிருக்கலாம். ஒருமுறை "Force stop" கொடுத்துத் திறந்தால் அது விடுபடும். லாகின் கேட்டால் பழைய பாஸ்வேர்டையே போடலாம்.